தூரத்து வரிசையின் சட்டைகள்: குழுப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டித் திருத்திய அனுபவம்

எங்கள் நடைப்பயணக் குழு கங்கைகொண்ட சோழபுரம் போனபோது எடுத்த படம் இது. முன்னால் புல்தரை, பின்னால் விமானம் முழுசாக, நடுவில் நாங்கள். சிலர் புல்லில் உட்கார்ந்திருக்கிறோம், மற்றவர்கள் பின்னால் படிகளில் நிற்கிறார்கள். குழுவுக்கென்று அடித்த மஞ்சள் டி-ஷர்ட் எல்லோருக்கும் அன்றைக்கு வந்து சேரவில்லை. பின்வரிசையில் சிலர் கறுப்பு, வெள்ளை, கட்டம்போட்டது என்று அவரவர் சட்டையில்தான் இருந்தார்கள். படத்தை ஆறடி அகல பேனராக அடிக்கலாம் என்று பேச்சு வந்ததும், அந்தச் சிலருக்கும் மஞ்சள் போட்டுவிட முடியுமா என்று கேட்டார்கள். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் சரி சொன்ன பிறகுதான் கையை வைத்தேன்.

படம் 6000-க்கு 4000 பிக்சல். பின்வரிசையில் நிற்பவர் தலை முதல் கால் வரை சுமார் 190 பிக்சல். சட்டை மட்டும் பார்த்தால் ஐம்பது அகலம், அறுபத்தைந்து உயரம். சின்னதாகத் தோன்றினாலும் ஆறடி பேனரில் அந்த ஆள் இரண்டேகால் அங்குலம் வருவார். கிட்டே நின்று பார்ப்பவருக்கு சட்டை நன்றாகவே தெரியும்.

நான் பயன்படுத்துவது எஸ்.டி.எக்ஸ்.எல். இன்பெயின்டிங் மாடல், அதாவது படத்தில் நாம் குறித்துக் காட்டும் இடத்தை மட்டும் புதிதாக வரையும் ஏ.ஐ. அது 1024 பிக்சல் சதுரத்தில் வேலை செய்யப் பழகியது. முழுப் படத்தையும் அந்த அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தால் ஏறக்குறைய ஆறு மடங்கு சின்னதாகும். ஐம்பது பிக்சல் சட்டை எட்டு பிக்சலாகிவிடும். இந்த மாடல் படத்தை நேராகப் பார்ப்பதில்லை. எட்டுக்கு எட்டு பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கி வைத்துக்கொண்டு, அந்தக் கட்டங்களின் மேல்தான் வரைகிறது. அப்படியென்றால் ஒரு சட்டையின் அகலத்துக்கு அதன் கையில் இருப்பது ஒரே ஒரு கட்டம். அதற்குள் கழுத்து, கை, மடிப்பு எல்லாம் எப்படி வரும்? மஞ்சள் கறை ஒன்றுதான் வரும். அதே ஆளைச் சுற்றி 256 பிக்சல் சதுரமாக வெட்டி, நான்கு மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தால் சட்டையின் அகலம் இருபத்தைந்து கட்டம். வரைவதற்கு இடம் கிடைத்துவிடுகிறது.

எவ்வளவு நெருக்கமாக வெட்டுவது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. 128 பிக்சலில் வெட்டி எட்டு மடங்கு பெரிதாக்கினால் இன்னும் நன்றாக வரும் என்று தோன்றும். வராது. சட்டை திரையை நிறைத்ததும் மாடல் அதைக் கிட்டத்தில் எடுத்த படமாக எடுத்துக்கொண்டு தையல், பொத்தான், துணியின் இழை எல்லாம் போடுகிறது. திரும்ப எட்டில் ஒன்றாகச் சுருக்கும்போது அதெல்லாம் சட்டை மேல் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகளாக மிஞ்சும். மூன்று முதல் ஐந்து மடங்கு வரைக்கும்தான் எனக்கு ஒத்து வந்தது. இந்த மாடலை பிரவுசர் வழியாக ஓட்ட உதவும் ஆட்டோமேட்டிக்1111-ல் `Only masked` என்று வைத்தாலும் இதே வெட்டும் வேலையை அதுவே செய்யும். ஆனால் மாற்ற வேண்டிய இடத்தைக் குறிக்கும் மாஸ்க்கைச் சுற்றி எவ்வளவு இடம் விடுவது என்று சொல்லும் `Only masked padding, pixels` 32-லேயே இருந்தால், இவ்வளவு சின்ன மாஸ்க்குக்கு அது ஏழு மடங்குக்கு மேல் பெரிதாக்கிவிடும். அதை 96 ஆக்கினால் ஏறக்குறைய நம்முடைய 256 சதுரம் வரும். 24 மெகாபிக்சல் படத்தை பிரவுசரில் ஏற்றி மாஸ்க் வரைவது என் கணினியில் இழுத்துக்கொண்டே இருப்பதால் நான் கையாலேயே வெட்டுகிறேன்.

படத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி சமமாகக் கூறுபோட்டு வரிசையாக ஓட்டுவதும் இந்த வேலைக்கு உதவாது. கோடு ஒருவருடைய நெஞ்சின் குறுக்கே போகும். இடப்பக்கம் ஒரு சட்டை, வலப்பக்கம் வேறொரு சட்டை வரும். ஆளுக்கு ஒரு துண்டு, ஆள் நடுவில் இருக்க வேண்டும். கூடவே, ஏற்கனவே உண்மையான மஞ்சள் சட்டை போட்ட ஒருவராவது அந்தத் துண்டுக்குள் முழுசாக இருக்கும்படி சதுரத்தை நகர்த்திக்கொள்வேன். எந்த மஞ்சள், வெயில் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு கறுப்பு என்பதையெல்லாம் மாடல் பக்கத்து ஆளைப் பார்த்தே பிடித்துக்கொள்கிறது. வார்த்தையில் எவ்வளவு எழுதினாலும் அந்த அளவுக்கு வராது.

எல்லோருக்கும் மாடல் தேவையும் இல்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டவருக்கு கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் மஞ்சளை மல்டிப்ளை லேயராகப் போட்டதும் வேலை முடிந்தது. மடிப்பு அவருடையதே, நிழலும் அவருடையதே. துணியின் வடிவம் மாற வேண்டிய இடத்திலும், பழைய துணியில் மடிப்பே தெரியாத இடத்திலும் மட்டும்தான் வரையவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கறுப்பு முழுக்கைச் சட்டை போட்ட அண்ணன் இரண்டிலும் சிக்கினார். உச்சி வெயிலில் எடுத்த படம், கறுப்பு மொத்தமும் இருண்டுபோய் ஒரே தட்டையாக இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் இரைச்சல் புள்ளிகள்தான் மேலே வந்தன. கையை முழங்கை வரை வெளியே கொண்டுவரவும் வேண்டும். முதலில் இமேஜ்மேஜிக் கட்டளையால் வெட்டிப் பெரிதாக்கினேன்:

```
magick kuzhu.png -crop 256x256+4210+1180 +repage -filter Mitchell -resize 400% t.png
```

அந்த 4210, 1180 என்பது துண்டின் இடது மேல் மூலை. திரும்ப ஒட்டும்போது இதே எண்கள் வேண்டும் என்பதால் கோப்புப் பெயரிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கறுப்பை அப்படியே கொடுத்து, மாடல் பழையதை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `Denoising strength`-ஐ 0.5 வைத்தால் சேறு படிந்த பாசி நிறத்தில் ஏதோ வருகிறது, பழைய கறுப்பின் இழுப்பு அவ்வளவு. 0.9-க்கு ஏற்றினால் மஞ்சள் வருகிறது, ஆனால் தோள் வேறு எங்கேயோ போய்விடுகிறது. இதற்கு நடுவே நல்ல வழி ஒன்று உண்டு. கிம்ப்பில் தூரிகையை எடுத்து, சட்டை இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து ஆளிடமிருந்து எடுத்த மஞ்சளைத் தட்டையாகப் பூசினேன். வெயில் படாத பக்கத்துக்கு அவருடைய நிழல் மஞ்சளையே எடுத்தேன். அது பழுப்பும் பச்சையும் கலந்த மாதிரி இருக்கும். முழங்கைக்குக் கீழே தோலின் நிறம். அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, சின்னப் பிள்ளை வரைந்த மாதிரி இருந்தால் போதும். அதன்மேல் 0.55 வைத்து ஓட்டினேன். கொடுத்த வரி இவ்வளவுதான்:

```
plain mustard yellow round neck t-shirt, half sleeves, harsh noon sunlight
```

இப்போது தோள் அதன் இடத்தில் நின்றது, மடிப்புகளும் வெயிலுக்குத் தகுந்தபடி விழுந்தன. முன்கை மட்டும் முகத்தைவிட இரண்டு சாயல் வெளுப்பாக வந்தது. திரும்பத் திரும்ப ஓட்டினாலும் மாடல் அந்தப் பக்கமே சாய்கிறது. அதைப் பற்றி எனக்குக் கோபமும் உண்டு. அவருடைய நிறத்தை மாற்ற யாரும் கேட்கவில்லை. அவருடைய கழுத்திலிருந்து நிறம் எடுத்து, கர்வ்ஸ் வைத்து கையை அதற்குச் சரியாக இறக்கினேன்.

மாஸ்க் விஷயத்தில் ஒன்று முக்கியம். ஜேபெக் கோப்பு வெளிச்சத்தை முழு அளவிலும், நிறத்தைப் பெரும்பாலும் பாதி அளவிலும்தான் சேமிக்கும். உங்கள் படம் எப்படி என்று இப்படிப் பார்க்கலாம்:

```
identify -format "%[jpeg:sampling-factor]\n" kuzhu.jpg
```

எங்கள் படத்துக்கு முதலில் `2x2` என்று வந்தது, அதாவது நிறம் இரண்டு பக்கமும் பாதி. பெரிய உருவத்தில் இது கண்ணுக்கே தெரியாது. ஐம்பது பிக்சல் சட்டையில் பழைய நிறம் ஓரத்தைத் தாண்டி ஒன்றிரண்டு பிக்சல் வெளியே கசிந்திருக்கும். கட்டம்போட்ட சிவப்புச் சட்டைக்காரருக்கு ஓரத்தோடு ஓரமாக மாஸ்க் போட்டால், மஞ்சள் சட்டையைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் நிற்கும். மாஸ்க்கை மூன்று பிக்சல் வெளியே தள்ளினால் அது போய்விடும். முகமும் விரல்களும் மட்டும் எப்போதும் மாஸ்க்குக்கு வெளியே இருக்க வேண்டும். இருபத்தைந்து பிக்சல் முகத்தை மாடல் தொட்டால், வருவது வேறு ஆள்.

மாஸ்க்குக்கு வெளியே மாடல் ஒன்றும் செய்வதில்லை என்று நம்பிவிடவும் கூடாது. படத்தைச் சுருக்கித் திரும்ப விரிக்கும்போதே கோயில் கல்லின் பொரிப்பொரியான மேற்பரப்பு வழவழப்பாகிவிடுகிறது. அதனால் துண்டை முழுசாக ஒட்டாமல், மாஸ்க் அளவுக்கு மட்டும் ஒட்டுகிறேன்:

```
magick t_out.png -filter Box -resize 25% s.png
magick s.png mask.png -alpha off -compose CopyOpacity -composite s_rgba.png
magick kuzhu.png s_rgba.png -geometry +4210+1180 -composite kuzhu2.png
```

இங்கே `mask.png` 256 அளவில், கறுப்பு வெள்ளையில், ஓரம் ஒரு பிக்சல் மங்கலாக இருக்க வேண்டும். சுருக்குவதற்கு லாங்க்சோஸ் ஃபில்டர் வேண்டாம். பிரகாசமான மஞ்சளின் ஓரத்தில் அது வெள்ளைக் கோடு இழுத்துவிடும். `Box` நான்குக்கு நான்கைச் சராசரி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

ஒட்டி முடித்ததும் 25 சதவீதத்துக்கு வெளியே வந்து பார்த்தால் புதுச் சட்டை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நிறம் சரி, வெளிச்சம் சரி, ஆனாலும் கண் நேராக அங்கே போகும். உண்மையான சட்டைகளில் லென்ஸின் மங்கலும் சென்சாரின் இரைச்சலும் இருக்கின்றன, இதில் இல்லை. அதனால் சட்டைக்கு மட்டும் 0.6 பிக்சல் காஷியன் மங்கல், அதன்மேல் கொஞ்சம் இரைச்சல். இரைச்சலின் அளவுக்கு என்னிடம் சூத்திரம் ஏதும் இல்லை. 400 சதவீதத்தில் பக்கத்து ஆளின் சட்டையையும் இதையும் மாறி மாறிப் பார்த்து, வித்தியாசம் தெரியாத இடத்தில் நிறுத்துகிறேன். நிற ஓரத்தையும் அவர்களுடையதைப் போல் கசியவைக்க வேண்டும். படத்தைக் கடைசியில் ஒரு முறை அதே `2x2` அளவில் சேமித்தால் அது தானாக நடந்துவிடும்.

நெஞ்சில் இருக்கும் குழுவின் சின்னத்தை மாடலிடம் விடவில்லை. பத்துப் பன்னிரண்டு பிக்சல் அகலத்தில் அது எழுத்து மாதிரி எதையோ கிறுக்குகிறது. அதே வரிசையில், அதே கோணத்தில் நிற்பவரின் சின்னத்தை குளோன் செய்து ஒட்டினேன். அவருடையதிலும் எழுத்து படிக்க முடியாமல்தான் இருக்கிறது, அதனால் பொருந்தி நிற்கிறது.

வேலை செய்யும் வரிசை பின்னாலிருந்து முன்னால். பின்னால் நிற்பவரின் சட்டையை முன்னால் நிற்பவரின் தலை மறைத்தால், மாஸ்க் அந்த முடி ஓரத்தில் நிற்க வேண்டும். கலைந்த முடியின் இடுக்கில் தெரியும் பழைய நிறத்தை மாஸ்க்கால் பிடிக்க முடியவில்லை. அதை கலர் மோடில் வைத்த தூரிகையால் தொட்டுத் தொட்டு மஞ்சளாக்கினேன்.

இன்னும் ஒருவர் பாக்கி. படியின் ஓரத்தில் துப்பட்டாவோடு நிற்கும் அக்கா. துப்பட்டா மெல்லியது, அதன் வழியே பின்னால் இருக்கும் கல்லும் பக்கத்தில் இருப்பவரின் கையும் தெரிகின்றன. அதை எடுத்துவிட்டால் அந்தக் கையை நான் புதிதாக வரைய வேண்டியிருக்கும். அவரிடமே கேட்டேன், துப்பட்டா இருக்கட்டும் என்றார். உள்ளே இருக்கும் நீலத்தை மட்டும் மஞ்சளாக்கி, துப்பட்டா வழியாகத் தெரியும் பகுதியை அதைவிட மங்கலான மஞ்சளாகப் பூசி வைத்திருக்கிறேன். அடுத்து அந்தத் துண்டைத்தான் 0.4-ல் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.