ரங்கூன் மழையில் குடை, மழைக்கோட்டு விற்று மிச்சச் சரக்கில் மாட்டிக்கொண்ட கதை

அனோரட்டா ரோட்டுக்குப் பக்கத்துக் குறுக்குத் தெரு ஒன்றில் எங்களுக்குச் சின்னக் கடை. வாளி, பாய், பிளாஸ்டிக் டப்பா என்று வருஷம் முழுக்க ஓடும் சரக்குதான். கொரோனாவுக்கு முந்திய ஒரு வருஷம், மழைக்காலத்தில் வாளி வியாபாரம் படுத்துவிடுகிறதே என்று குடையும் மழைக்கோட்டும் போட்டுப் பார்த்தேன். அந்த முதல் வருஷம் கையைச் சுட்டது. இதே வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு உதவும், அதனால் முழுசாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மழை மே மாதப் பின்பாதியில் பிடித்தால் அக்டோபர் வரைக்கும் விடாது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் மாதத்துக்கு ஏறக்குறைய 500 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கொட்டும். அதனால் ஆகஸ்டில்தான் குடை அதிகம் விற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரக்கெடுக்கப் போன அன்றைக்கே சித்தப்பா தடுத்தார்.

"தம்பி, மழை பெய்யிற மாசத்துக்குக் குடை விக்காதுப்பா. மழை ஆரம்பிக்கிற மாசத்துக்குத்தான் விக்கும். ஆகஸ்டுல எல்லார் கையிலயும் குடை இருக்கும்."

நான் கேட்கவில்லை. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவுக்கு மொத்தக் கடைகள் மூடுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஒரே தடவையில் 20 டஜன் மூன்று மடிப்புக் குடை எடுத்தேன். ஒன்று 4,000 சாட், 240 குடைக்கு 9,60,000. விற்கும் விலை 5,500. பில் போடும் நேரத்தில் மொத்தக்காரர் மூலையில் கிடந்த ஒரு கட்டைக் காட்டினார். "அண்ணே, இதையும் சேர்த்து எடுத்துக்குங்க, விலையில கொறச்சுக்கிறேன்." தடித்த பிளாஸ்டிக்கில் தைத்த பெரிய மழைக்கோட்டு, 10 டஜன். வெளியே 3,000 போவது, எனக்கு 2,600. லாபமாகத் தெரிந்தது. ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் 3,12,000 சாட் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கடையில் பிரித்தபோதுதான் கவனித்தேன். கோட்டின் முன்பக்கம் நெஞ்சுக்குக் கீழே, உள்ளங்கை இரண்டு அகலத்துக்குக் கண்ணாடி போன்ற ஒரு துண்டு ஒட்டியிருந்தது. மோட்டார் சைக்கிள் விளக்கு வெளியே தெரிவதற்கு வைத்த ஜன்னல் அது. ஹேண்டில் மேலே விரித்துப் போடும் கோட்டு. ரங்கூன் நகரத்துக்குள்ளே மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை வந்து பல வருஷமாயிற்று. இங்கே பஸ்ஸில் போகிறவனும் நடந்து போகிறவனும் கேட்பது, மடித்துப் பையில் போட்டுக்கொள்ளும் மெல்லிய கோட்டு. இந்தப் பெரிய கோட்டைச் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா மிதிக்கிறவர்களும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களும்தான் எடுத்தார்கள். அந்த மொத்தக்காரரிடம் அது ஏன் மூலையில் கிடந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மழை பிடித்த முதல் வாரம் கடையில் நிற்க நேரமில்லை. பள்ளிக்கூடம் ஜூன் முதல் தேதி திறக்கிறது என்பதால் மே கடைசியில் அம்மாக்கள் பிள்ளைகளோடு வந்து இரண்டு மூன்றாக வாங்கினார்கள். ஜூன் 20 தேதிக்குள் குடையில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதற்குப் பிறகு சித்தப்பா சொன்னது அப்படியே நடந்தது. ஜூலையில் முழங்கால் தண்ணீரில் ஜனம் நடந்து போகிறது, ஆனால் ஒருவரும் கடைக்குள் ஏறவில்லை. வந்தவர்கள், காற்றில் குடை புரண்டு கம்பி முறிந்தவர்களும், பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வந்தவர்களும்தான். ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு.

அக்டோபரில் கணக்குப் போட்டேன். விற்ற குடை 171. வந்த பணம் 9,40,500. அதாவது ஐந்து மாதம் விற்ற பிறகும் போட்ட முதலுக்கு 19,500 குறைந்தது. என் லாபம் முழுக்கப் பரணில் கிடந்த 69 குடைக்குள்தான் இருந்தது. இந்தத் தொழிலில் கல்லாவில் பணம் புரளும்போது லாபம் போலவே தெரியும். ஒரு குடைக்கு 1,500 லாபம், அடக்கம் 4,000. ஒன்று தேங்கினால் கிட்டத்தட்ட மூன்று குடை விற்ற லாபம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எத்தனை விற்றது என்று ஆசையோடு எண்ணினேன், எத்தனை நிற்கிறது என்று ஒரு நாளும் எண்ணவில்லை.

மோட்டார் சைக்கிள் கோட்டில் 36 தான் போனது, 3,500 விலையில். மீதி 84. அடுத்த மழைக்கு ஆகும் என்று கட்டோடு பரணில் போட்டேன். தகரக் கூரைக்கு அடியில் பரண். மார்ச், ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது அந்தப் பரணில் கை வைக்க முடியாது. மே மாதம் கட்டை இறக்கிப் பிரித்தால், மேலே இருந்த கோட்டு கீழே இருந்ததோடு ஒட்டியிருந்தது. இழுத்தால் சர்ரென்று சத்தம், ஒன்றின் சாயம் மற்றதில் அச்சாகப் பதிந்திருந்தது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு. பிவிசி பிளாஸ்டிக்கை மெதுவாக வைத்திருக்கும் எண்ணெய் சூட்டிலும் அழுத்தத்திலும் வெளியே கசிந்துவிடும். அப்புறம் மடிப்பு விழுந்த இடம் விறைத்துப்போய் அங்கேயே கிழியும். ஜன்னல் துண்டு மஞ்சள் பூத்திருந்தது. தேறிய 30 கோட்டை 1,500 வீதம் தள்ளினேன். 54 கோட்டைத் தூக்கிப் போட்டேன். எல்லாம் கூட்டினால் வந்தது 1,71,000. நஷ்டம் 1,41,000 சாட்.

குடை அப்படிக் கெடாது. ஆனால் அதற்கும் ஒரு வியாதி உண்டு. மழை நேரத்தில் வாடிக்கையாளர் திறந்து பார்த்துவிட்டு வைத்த குடையில் நாலு சொட்டு ஈரம் இருந்தாலும், அதை அப்படியே உறையில் மடித்து வைத்தால் கம்பி சேரும் ஆணியில் துரு பிடிக்கும். அந்தத் துரு துணியில் காப்பிக் கறை போல இறங்கும். 69 குடையில் 8 இப்படிப் போனது. இப்போது திறந்த குடை எதையும் ஒரு இரவு விரித்துக் காயவைக்காமல் மடிப்பதில்லை. பரணேறும் குடைக்கு ஆணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

அந்த வருஷம் எங்களைக் காப்பாற்றியது பிளாஸ்டிக் ஷீட்டு. உருளையாக வீசைக் கணக்கில் வாங்கி, கஜக் கணக்கில் வெட்டி விற்பது. ஒரு வீசை ஏறக்குறைய 1.6 கிலோ. பாதையில் கடை போடுகிறவர்கள், வெற்றிலைக் கடைக்காரர்கள், தேத்தண்ணிக் கடைக்காரர்கள் எல்லாரும் மழை விழுந்தவுடன் ஓடி வருவார்கள். மழை நின்றால் மேஜைக்கு விரிக்கவும் சாமான் மூடவும் வாங்குவார்கள். இதில் நிறம் இல்லை, மாதிரி இல்லை, மிச்சம் என்ற பேச்சும் இல்லை. நிறையைக் கொஞ்சம் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே அகலத்துக்கு வீசைக்கு அதிகக் கஜம் வந்தால் ஷீட்டு மெல்லிசு என்று அர்த்தம், ஒரு மாதத்தில் கிழிந்து திரும்பி வருவார்கள்.

இரண்டாவது வருஷம் சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சரக்கெடுத்தேன். ஏப்ரலில் 8 டஜன் குடை மட்டும். டஜனுக்கு ஒன்று பிரித்து, விரித்து, காற்றுக்கு எதிரே இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தோம். கம்பியின் முனையில் துணியைப் பிடிக்கும் குப்பி கழன்றால் அந்தக் கட்டையே வேண்டாம் என்றோம். மே கடைசியில் இன்னும் 4 டஜன். ஜூலை முடிவதற்குள் 2 டஜன் திருப்பித் தரலாம் என்று மொத்தக்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்கினேன். வாய்ப்பேச்சில் விட்டிருந்தால் ஜூலையில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். அதற்கு மேல் தேவைப்பட்டால் காலையில் தெய்ன்ஜீ சந்தைக்கு நடந்து போய் அரை டஜன், ஒரு டஜன் என்று எடுத்தேன். அப்படி எடுத்தால் குடைக்கு 300 சாட் அதிகம்தான். ஆனால் தேங்கிய ஒரு குடையில் முடங்கும் 4,000 சாட்டுக்குப் பதின்மூன்று குடைக்கு அந்த 300 சாட்டைக் கொடுத்துவிடலாம்.

மழைக்கோட்டுக்கு ஒரு கோடு போட்டேன். ஜூலையில் வரும் வாஸோ பௌர்ணமிக்குப் பிறகு ஒரு கோட்டும் வாங்குவதில்லை. ஆகஸ்ட் முதல் ஞாயிறு கோட்டை எண்ணுவது. நிற்பதை அந்த வாரமே பகோவில் இருக்கும் மச்சானுக்கு பஸ்ஸில் போட்டுவிடுவது. ரங்கூனிலிருந்து ஐம்பது மைல்தான், அங்கே வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள். அடக்க விலைக்கே கொடுத்தேன், பஸ் கூலியும் என் கையிலிருந்து. அவன் இரண்டு வாரத்தில் விற்றுப் பணம் அனுப்பினான். மழை இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கும்போது அனுப்பினதால்தான் அது போனது. அக்டோபரில் அனுப்பியிருந்தால் அவன் பரணில் ஒட்டியிருக்கும்.

குடைக்கு வேறு வழி இருக்கிறது என்பதைச் சொன்னது பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா. தடிஞ்ஜூட் பௌர்ணமி முடிந்து அடுத்த பௌர்ணமி வரைக்கும் ஒரு மாதம் கதெய்ன் தானம் நடக்கும். பொங்ஜி என்கிற புத்த பிக்குகளுக்குச் சீவரத்தோடு செருப்பு, சோப்பு, துண்டு, குடை எல்லாம் மரம் போலக் கட்டித் தொங்கவிட்டு எடுத்துப் போவார்கள். மழை ஓய்கிற நேரத்தில் குடை கேட்டு ஆள் வருகிற ஒரே மாதம் அதுதான். "ஆனா பூப்போட்ட குடை ஆகாது தம்பி. பொங்ஜிக்கு அரக்கு நிறம்தான்" என்று சொன்னார் அக்கா.

அதிலிருந்து ஜூலைக்குப் பிறகு எடுக்கும் குடை எல்லாம் அரக்கு நிறத்தில்தான் எடுக்கிறேன். மழைக்கு விற்றால் மழைக்கு, நின்றால் கதெய்னுக்கு. அந்த இரண்டாவது வருஷம் அக்டோபரில் நின்றது 19 குடை. அதில் 12 அரக்கு. தெருவில் தானத்துக்குப் பணம் சேர்த்த பெண்கள் பன்னிரண்டையும் ஒரே கட்டாக எடுத்துப் போனார்கள், குடைக்கு 500 குறைத்துக் கொடுத்தேன். மீதி ஏழும் பூப்போட்டவை. எண்ணெய் விட்டு, காயவைத்து, பரணில் வைக்காமல் கடைக்குள்ளேயே தொங்கவிட்டிருந்தேன். மார்ச் வெயிலில் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிக் குடையை ஒரு டீச்சரம்மா விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, விலையைக் கேட்காமலே 5,500 சாட்டை எண்ணி வைத்தார்.