பச்சை டிக் வந்தது, பணி வரவில்லை

எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர். மற்ற அலுவலகங்களின் கணினி, பிரிண்டர், நெட்வொர்க் பழுதுகளைச் சரிசெய்து கொடுக்கிறோம். கோரிக்கைகள் தொலைபேசியில் வரும், வாட்ஸப்பில் வரும், மின்னஞ்சலில் வரும். வரவேற்பில் இருக்கும் அக்கா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அந்த நேரத்தில் கண்ணில் படுகிறவரிடம் சொல்லிவிடுவார். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் அதே பிரிண்டருக்காக மூன்றாவது முறை அழைத்தார். நோட்டில் பதிவு இருந்தது, அக்கா சொன்னதும் நினைவிருந்தது. ஆனால் யாரிடம் சொன்னார் என்பது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அன்றுதான், கோரிக்கை வந்த நொடியே ஒருவர் பெயரில் ஒரு பணியாக மாறிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

எங்களில் யாருக்கும் நிரல் எழுதத் தெரியாது. அலுவலக மின்னஞ்சலுக்காக மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே இருந்தது. அதிலேயே படிவத்துக்கு ஃபார்ம்ஸ், பணிகளுக்கு பிளானர், இரண்டையும் இணைக்க பவர் ஆட்டோமேட் இருப்பதால் வேறு எதையும் தேடவில்லை. அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் படிவம். நான் தொடங்கியபோது "உங்கள் பிரச்சினையை விவரமாகச் சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு பெரிய பெட்டி வைத்தேன். நிரப்புகிறவருக்கு அது எளிதுதான். ஆனால் பவர் ஆட்டோமேட்டுக்கு அதிலிருந்து எதையும் பிரித்தெடுக்க முடியாது. இது பிரிண்டரா, நெட்வொர்க்கா, அவசரமா, யாரிடம் போக வேண்டும் என்று முடிவெடுக்க அதற்குத் தெளிவான பதில் தேவை. அதனால் பின்னோக்கி யோசித்தேன். பணி அட்டையில் என்னென்ன இருக்க வேண்டும்? தலைப்பு, பொறுப்பாளர், கடைசித் தேதி, விவரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. நிறுவனத்தின் பெயர், எந்த வகைப் பழுது, வேலை முழுவதும் நின்றுவிட்டதா இல்லையா, தொடர்பு எண், கடைசியில் விவரத்துக்கு ஒரு பெட்டி. வகையும் அவசரமும் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்.

தொடர்பு எண்ணைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. வாடிக்கையாளர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வெளியே இருப்பவர்கள் என்பதால் படிவத்தை "Anyone can respond" என்று திறந்துவிட வேண்டியிருந்தது. அப்படித் திறந்தால், நிரப்பியவரின் மின்னஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் `anonymous` என்றுதான் வரும். படிவத்திலேயே கேட்காவிட்டால் யாரைத் திரும்ப அழைப்பது என்றே தெரிந்திருக்காது. இப்படித் திறந்த படிவத்தில் கோப்பு இணைக்கும் கேள்வியும் வைக்க முடியாது. பழுதின் படம் வேண்டுமென்றால் அந்த எண்ணுக்கு அழைத்து வாங்கிக்கொள்கிறோம்.

அப்புறம் இணைப்பு. தொடக்கம் "When a new response is submitted". பெயரைப் பார்த்ததும் பதில்கள் எல்லாம் இதிலேயே வந்துவிடும் என்று நினைத்தேன். வருவது பதிலின் எண் மட்டும்தான். அடுத்து "Get response details" என்ற படியைச் சேர்த்து, அந்த எண்ணை அதில் கொடுத்த பிறகுதான் நிறுவனம், வகை, விவரம் எல்லாம் கைக்குக் கிடைக்கின்றன. மூன்றாவது "Create a task". இதில் தலைப்பு, தேதி, பொறுப்பாளர் எல்லாம் நிரப்பலாம், விவரத்துக்கு மட்டும் இடமில்லை. அதற்காக "Update task details" என்று இன்னொரு படியைப் பின்னால் சேர்த்து, இப்போது உருவான பணியின் எண்ணை அதற்குக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் வாடிக்கையாளர் எழுதிய முழுப் பத்தியையும் தலைப்பிலேயே போட்டுவிட்டேன். பிளானர் பலகையைத் திறந்தால் எந்த அட்டை எதைப் பற்றியது என்று யாராலும் ஒரு பார்வையில் சொல்ல முடியவில்லை. இப்போது தலைப்பில் வகை, நிறுவனத்தின் பெயர், பதிலின் எண் மூன்றும்தான். "பிரிண்டர் – நிறுவனம் – #47" என்பது மாதிரி. அந்த எண்ணை ஏன் சேர்த்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தேதி ஒரு வாரம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டியது. எல்லாப் பணிக்கும் மறுநாள் கடைசித் தேதி என்பது எங்கள் ஒப்பந்தம். இன்றைய தேதியோடு ஒரு நாள் கூட்டச் சொல்லியிருந்தேன். பகலில் நான் சோதித்தபோதெல்லாம் சரியாக வந்தது. ஒரு வாடிக்கையாளர் விடிகாலை ஐந்து மணிக்கு நிரப்பிய கோரிக்கைக்கு மட்டும் அன்றைய தேதியே கடைசித் தேதியாக விழுந்தது. பவர் ஆட்டோமேட்டில் `utcNow()` தருவது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். எங்கள் கடிகாரம் அதற்குச் சில மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எங்களுக்கு விடிந்துவிட்ட அந்த நேரத்தில் யூடிசியில் இன்னும் நேற்றுதான். நேற்றோடு ஒரு நாள் கூட்டினால் இன்று. அதனால் முதலில் நம் நேரத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு நாளைக் கூட்ட வேண்டும்:

```
addDays(convertFromUtc(utcNow(), 'Time Zone Name'), 1, 'yyyy-MM-dd')
```

`Time Zone Name` என்ற இடத்தில் உங்கள் நேர மண்டலத்துக்கு விண்டோஸ் வைத்திருக்கும் பெயரை எழுத வேண்டும். இதைச் சோதிக்க வேண்டுமென்றால் பகலில் சோதித்துப் பயனில்லை. நள்ளிரவு தாண்டி ஒரு தடவை நிரப்பிப் பாருங்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பிழைகள். எங்களை உண்மையில் உலுக்கியது கண்ணுக்குத் தெரியாத ஒன்று.

யாருக்குப் பணி போக வேண்டும் என்பதை வகையை வைத்துப் பிரித்திருந்தேன். "Switch" என்ற படி, வகையின் பதிலைப் பார்த்து அதற்குரிய கிளைக்குள் போகும். "பிரிண்டர்" என்றால் ஒரு கிளை, "நெட்வொர்க்" என்றால் ஒரு கிளை. ஒவ்வொரு கிளைக்குள்ளும் தனித்தனியாக ஒரு "Create a task" வைத்து, அந்தந்தப் பொறுப்பாளரைப் போட்டிருந்தேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. நோட்டைக்கூட மூடி வைத்துவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா என் மேசைக்கு வந்து, "தம்பி, இந்த வாரம் பிரிண்டர் ஒண்ணுமே வரலையா? பலகையில காணோமே" என்றார். வராமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஃபார்ம்ஸில் பதில்களைத் திறந்தேன். ஐந்து நாளில் நான்கு பிரிண்டர் கோரிக்கைகள் வந்திருந்தன. பவர் ஆட்டோமேட்டில் ஓட்ட வரலாற்றைத் திறந்தேன். நான்கும் "Succeeded", நான்குக்கும் பச்சை டிக். எதுவும் தோற்கவில்லை, அதனால் எச்சரிக்கை மின்னஞ்சலும் வரவில்லை. பிளானரில் மட்டும் பணி இல்லை.

ஒரு ஓட்டத்தைத் திறந்து, படி படியாக இறங்கிப் பார்த்தேன். முதல் இரண்டு படிகளும் பச்சை. Switch பச்சை. அதற்குள் இருந்த கிளைகள் எல்லாமே சாம்பல் நிறத்தில், ஒன்றுகூட ஓடாமல் கிடந்தன. Switch-க்கு வந்து சேர்ந்த பதிலைப் படித்தேன். "பிரிண்டர் / ஸ்கேனர்" என்று இருந்தது. ஸ்கேனரையும் நாம் பார்ப்போம் என்று வாடிக்கையாளருக்குத் தெரியட்டும் என்று, எங்கள் மேலாளர் திங்கட்கிழமை படிவத்தில் அந்தத் தேர்வின் பெயரை மாற்றியிருந்தார். நல்ல எண்ணத்தில் செய்த, சரியான மாற்றம்தான். ஆனால் Switch எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. "பிரிண்டர்" என்று நான் எழுதி வைத்த கிளைக்கு இந்தப் பதில் பொருந்தவில்லை. எதற்கும் பொருந்தாதது "Default" கிளைக்குப் போகும். அதை நான் காலியாக விட்டிருந்தேன். காலியான கிளைக்குள் போய் ஒன்றும் செய்யாமல் வெளியே வருவது பவர் ஆட்டோமேட்டின் கணக்கில் வெற்றிதான்.

அன்று மாலைக்குள் நான்கு பேரையும் அழைத்து மன்னிப்புக் கேட்டோம். அந்த வாரக் கடைசியில் அமைப்பைத் திருப்பிக் கட்டினேன்.

பிழை எங்கே என்றால், பணியை உருவாக்குவதையே கிளைக்குள் வைத்ததில்தான். யாரிடம் போக வேண்டும் என்பது தெரியாவிட்டாலும் பணி உருவாகியே ஆக வேண்டும். அதனால் மேலே "Initialize variable" கொண்டு `assignee` என்று ஒரு மாறியை, அதாவது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் இடத்தை, வைத்தேன். Switch-இன் கிளைகள் இப்போது அந்த மாறியில் ஒருவருடைய மின்னஞ்சலைப் போடுவதோடு சரி. Default கிளையில் மேலாளரின் மின்னஞ்சல். Switch முடிந்த பிறகு, அதற்கு வெளியே, ஒரே ஒரு "Create a task". பொறுப்பாளரின் இடத்தில் அந்த மாறி. இனி யார் எந்தத் தேர்வின் பெயரை மாற்றினாலும் பணி வந்து சேரும், மேலாளரிடம். அவர் பார்த்து உரியவருக்கு மாற்றிவிடுவார். பெயர் பொருந்தவில்லை என்பதும் அவருக்கு அப்போதே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மாறியில் போடும் ஒவ்வொருவரும் அந்தப் பிளானர் குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும்.

இப்போது தலைப்பில் உள்ள எண்ணுக்கு வருகிறேன். ஃபார்ம்ஸ் ஒவ்வொரு பதிலுக்கும் 1, 2, 3 என்று வரிசையாக எண் கொடுக்கிறது. அது தலைப்பிலேயே இருப்பதால், பலகையில் 61, 62, 64 என்று இருந்தால் 63 எங்கே என்ற கேள்வி தானாக எழுகிறது. இந்த எண்ணைச் சேர்த்தது அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான். அது முன்பே இருந்திருந்தால் அக்கா செவ்வாய்க்கிழமையே என் மேசைக்கு வந்திருப்பார். இப்போது தினமும் மாலை அவர் பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்க்கிறார். ஃபார்ம்ஸில் உள்ள கடைசி எண்ணும் பலகையில் உள்ள கடைசி எண்ணும் ஒன்றா, நடுவில் இடைவெளி உண்டா, அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. ஓட்ட வரலாறு 28 நாள்தான் இருக்கும் என்பதால் இடைவெளியை உடனுக்குடன் கண்டுபிடித்தால்தான் காரணத்தையும் தேட முடியும். கிளைக்குள் நடந்ததைப் பச்சை டிக் சொல்லாது, எண் வரிசை சொல்லிவிடும்.

கடைசியாக ஒரு சோதனை செய்தோம். மேலாளரே படிவத்தில் "நெட்வொர்க்" என்பதை "இணையம் / வைஃபை" என்று மாற்றி, ஒரு கோரிக்கையை நிரப்பினார். ஒரு நிமிடத்துக்குள் அவர் பெயரிலேயே பணி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. தேர்வின் பெயரைப் பழையபடி மாற்றிவிட்டு, படிவத்தில் கை வைப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்வது என்று பேசிக்கொண்டோம்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. பதில் வரத் தாமதமானால் சிலர் அதே படிவத்தை இரண்டாவது முறை நிரப்புகிறார்கள். இரண்டு பணிகள் வருகின்றன. அதே நிறுவனம், அதே வகை என்றால் இரண்டாவதைத் தடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் ஒரே அலுவலகத்தில் இரண்டு பிரிண்டர்கள் ஒரே நாளில் நிற்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால் அதை அமைப்பிடம் விடவில்லை. அக்கா மாலையில் எண்களைப் பார்க்கும்போதே இரட்டைகளையும் பார்க்கிறார். சந்தேகம் இருந்தால் வாடிக்கையாளரின் தொடர்பு எண்ணுக்கு அழைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றை மூடிவிடுகிறார்.