அக்கி வந்த பிறகு கார்டிசோல் பற்றித் தெரிந்துகொண்டது

வலது விலாவில் எரிச்சல் தொடங்கியபோது, அம்மாவைத் தூக்கி உட்கார வைத்ததில் பிடித்துக்கொண்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு நாள் தைலம் தேய்த்தோம். மூன்றாம் நாள் குளிக்கும்போது பார்த்தால், முதுகெலும்பில் இருந்து மார்புக்குக் கீழ்வரை, ஒரு பக்கம் மட்டும், பட்டை போலச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "அக்கிடி இது. காவி எழுதணும்."

காவி எழுத ஆள் தேடுவதற்குள் தம்பி என்னைத் தோல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனான். அது நல்லதாகப் போயிற்று. அக்கிக்கான வைரஸ் மாத்திரையைக் கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகமாம். வாலசைக்ளோவிர் 1000 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். வலிக்குத் தனியாக ஒரு மாத்திரை. பொருக்கு உதிரும்வரை கொப்புளத்தை மூடி வைக்கவேண்டும். கர்ப்பிணிகள், அம்மை வராத குழந்தைகள் பக்கம் போகக்கூடாது.

சின்ன வயதில் எனக்குச் சின்னம்மை வந்திருக்கிறது. அந்த வைரஸ் அதன்பிறகு உடம்பை விட்டுப் போவதே இல்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் படுத்துக் கிடக்கும். அதை அங்கேயே அடக்கி வைத்திருப்பவை டி செல்கள் என்கிற வெள்ளணுக்கள். வயதாக ஆக அந்தக் காவல் தளரும். எனக்கு வயது 52. "வயசு ஒரு காரணம்தான்மா. வேற என்ன நடக்குது வீட்டுல?" என்று கேட்டார் டாக்டர்.

அம்மாவுக்கு மறதி நோய். பகலில் தூங்கிவிட்டு நடுராத்திரி ஒரு மணிக்கு எழுந்து, ஊருக்குப் போகணும், பஸ் போயிடும் என்று கதவைத் தட்டுவார். சமாதானப்படுத்திப் படுக்க வைக்க நாலு மணி ஆகிவிடும். ஆறு மணிக்கு நான் சமையலுக்கு எழுந்து, ஒன்பதரைக்கு ஆபீஸ் போகவேண்டும். ஒன்றரை வருடமாக இதே கதைதான்.

சர்க்கரை, எச்.ஐ.வி., ரத்த அணு எண்ணிக்கை எல்லாம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை இல்லை, எச்.ஐ.வி. இல்லை. அணு எண்ணிக்கைத் தாளைத்தான் டாக்டர் நிதானமாகப் பார்த்தார். மொத்த வெள்ளணு 9,400. லேப் அச்சடித்த எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் அதில் உள்ள வெள்ளணு வகைகளில் நியூட்ரோஃபில் 80 சதவீதம், லிம்ஃபோசைட் 13 சதவீதம், ஈசினோஃபில் பூஜ்யம். 9,400-இல் 13 சதவீதம் என்றால் ஏறத்தாழ 1,220 லிம்ஃபோசைட். டி செல்கள் இந்த லிம்ஃபோசைட் கூட்டத்தைச் சேர்ந்தவை. 1,220 என்பது பெரியவர்களுக்குச் சொல்லப்படும் அளவின் அடிப்பக்கம்.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ரிப்போர்ட்டும் இப்படித்தான் இருக்குமாம். "எதாவது மூட்டு வலி மாத்திரை, நாட்டு மருந்துன்னு சாப்பிட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை. அப்படியானால் உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு, அதாவது கார்டிசோல், ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் இருந்து வருவது அது. கார்டிசோல் ஏறினால் லிம்ஃபோசைட்களும் ஈசினோஃபில்களும் ரத்தத்தை விட்டு எலும்பு மஜ்ஜைக்கும் மற்ற திசுக்களுக்கும் போய்விடும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் கழன்று ரத்தத்துக்குள் வரும். கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். அக்கியின் வலியும் வைரஸுமே இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் மாற்றும், ஆகவே இந்த ஒரு தாளை வைத்து மன அழுத்தம்தான் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது.

எனக்கு அது போதவில்லை. கார்டிசோலையே அளந்துவிடுங்கள் என்று கேட்டேன். அவருக்கு அவ்வளவு விருப்பமில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்தார், காலை எட்டு மணிக்கு எடுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. கார்டிசோல் விடியற்காலையில் ஏறத் தொடங்கி, எழுந்து அரைமணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு நாள் முழுக்க இறங்கி நடுராத்திரியை ஒட்டி அடிமட்டத்தில் இருக்கும். மாலை நாலு மணிக்கு எடுத்த ரத்தத்தைக் காலை அளவோடு ஒப்பிட்டால் எல்லோருக்கும் குறைவாகத்தான் தெரியும். போன உடனே ஊசி குத்தவிடாமல் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கொடுங்கள் என்றும் சொன்னார். மாடிப்படி வேகமாக ஏறிப் போனாலே அட்ரினலின் ஏறி வெள்ளணு எண்ணிக்கை கூடிவிடும்.

முடிவு 14.6 மைக்ரோகிராம். காலை அளவு சுமார் 5 முதல் 25 வரை இருக்கலாம் என்பது லேப் கணக்கு. அதாவது, நார்மல்.

அப்போது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இந்தச் சோதனை கண்டுபிடிப்பது வேறு விஷயங்களை என்று டாக்டர் விளக்கினார். அட்ரினல் சுரப்பி செயலிழந்திருக்கிறதா என்று பார்க்கக் காலை ரத்தம் உதவும். கட்டியால் அளவுக்கு மீறிச் சுரக்கிறதா என்று பார்க்க இரவு உமிழ்நீரை எடுப்பார்கள். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவர்களுக்கு ஒரு காலை நேரத்து எண் நார்மலாகவே இருக்கலாம். இரவில் இறங்கவேண்டிய அளவுக்கு இறங்காமல் இருப்பதை அது காட்டாது. செல்கள் கார்டிசோலின் பேச்சைக் கேட்கின்றனவா என்பதையும் காட்டாது.

இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் புதிது. கார்டிசோலின் முக்கிய வேலையே அழற்சியை அளவோடு நிறுத்துவது. வெள்ளணுக்களுக்குள் இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டி, அழற்சிச் செய்திகளை அனுப்பும் மரபணுக்களை அது அடக்கும். ஓயாமல் சத்தம் போடும் அப்பாவின் பேச்சு பிள்ளைகள் காதில் ஏறாத மாதிரி, அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் அந்த ஏற்பி சரியாக வேலை செய்வதில்லை. 2002-இல் அமெரிக்காவில் கிரெகரி மில்லர், ஷெல்டன் கோஹன் குழுவினர் புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோரிடம் ரத்தம் எடுத்து, அதில் செயற்கை ஸ்டீராய்டைக் கலந்து பார்த்தார்கள். ஆரோக்கியமான குழந்தைகளின் பெற்றோர் ரத்தத்தில் ஐ.எல்.-6 என்ற அழற்சிச் செய்தி நன்றாக அடங்கியது. புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோர் ரத்தத்தில் அந்த அளவுக்கு அடங்கவில்லை. அதனால் கார்டிசோல் அதிகம், எதிர்ப்பு சக்தி குறைவு என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. வைரஸைப் பிடிக்கும் பக்கம் தளர்ந்து, அழற்சிப் பக்கம் அடங்காமல், இரண்டும் ஒரே ஆளுக்கு நடக்கலாம்.

மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களை வைத்தே ஓர் ஆய்வு இருக்கிறது. ஓஹையோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர், அப்படிப்பட்ட 13 பெண்களுக்கும் அதே வயதுள்ள மற்ற 13 பெண்களுக்கும் தோலில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னக் காயம் செய்து ஆறவிட்டார். பார்த்துக்கொள்பவர்களுக்கு ஆற ஒன்பது நாள் அதிகம் பிடித்தது. 1995-இல் வெளிவந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் என் முதுகுப் பொருக்கு உதிர மாட்டேன் என்று நின்ற நாட்களில் இதைப் படித்தபோது அது சின்னதாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் வலி தாங்காமல் நான் முனகுவதைப் பார்த்து ஒரு சொந்தக்காரர், தன் மூட்டு வலிக்குக் கடையில் சொல்லி வாங்கும் மாத்திரையைக் கொடுத்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் டெக்சாமெத்தசோன். கார்டிசோலைவிட இருபது மடங்குக்கு மேல் வீரியம் உள்ள ஸ்டீராய்டு. நம் ஊரில் இது இவ்வளவு சுலபமாகக் கிடைப்பது எனக்கு இன்னும் கோபம்தான்.

மருந்து தவிர டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: ராத்திரியின் முன்பாதியை எனக்கு விட்டுவிட வேண்டும். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் படுத்த முதல் மூன்று, நான்கு மணி நேரத்தில்தான் வரும். அப்போது கார்டிசோல் அடிமட்டத்தில் இருக்கும், வளர்ச்சி ஹார்மோனும் புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் ஏறும். டி செல்கள் நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ப் பழைய கிருமிகளை அடையாளம் வைத்துக்கொள்ள வசதியான நேரம் அது. எனக்கு அந்த நேரத்தில்தான் கதவு தட்டும் சத்தம்.

தம்பியும் தம்பி மனைவியும் இரவு ஒன்பதரையில் இருந்து மூன்றரை வரை அம்மாவோடு இருப்பது, அதன்பிறகு நான் என்று பிரித்துக்கொண்டோம். வாரத்தில் ஐந்து இரவு இப்படி. அம்மாவை அவருடைய டாக்டரிடம் காட்டியதில், இரவு அலைச்சலுக்கு மலச்சிக்கலும் ஒரு காரணம் என்று தெரிந்தது. அதைச் சரிசெய்து, காலை வெயிலில் வாசலில் உட்கார வைத்து, மதியத் தூக்கத்தைக் குறைத்தோம். தட்டுவது நிற்கவில்லை. நேரம் குறைந்தது.

பொருக்கு உதிர்ந்ததும் உடற்பயிற்சி பற்றிக் கேட்டேன். ஜிம்மில் சேரத் தோன்றியது. வேண்டாம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நாற்பது நிமிடம் நடங்கள் என்றார். உடற்பயிற்சி தொடங்கிய சில நிமிடங்களில் அட்ரினலின் ஏறி, வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும் லிம்ஃபோசைட்களை ரத்தக்குழாய்ச் சுவரில் இருந்தும் மண்ணீரலில் இருந்தும் கிளப்பிவிடும். கடுமையாக ஓடினால் முடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அவை முன்பைவிடக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் தொற்றுக்குக் கதவு திறந்திருக்கிறது என்றே ரொம்ப காலம் சொன்னார்கள். 2018-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் அதை மறுத்தார்கள். அந்தச் செல்கள் செத்துப்போவதில்லை, நுரையீரல், குடல் பக்கம் காவலுக்குப் போகின்றன என்பது அவர்கள் வாதம். விவாதம் இன்னும் முடியவில்லை. எனக்கு ஜிம் வேண்டாம் என்றதற்குக் காரணம் அது கூட இல்லை. தூங்காத உடம்பில் இன்னொரு சுமை எதற்கு என்பதுதான்.

மெதுவான பயிற்சிக்கு அக்கி விஷயத்திலேயே ஆதாரம் உண்டு. கலிஃபோர்னியாவில் மைக்கேல் இர்வின், 59 முதல் 86 வயது வரையான 112 பேரில் ஒரு பாதியினருக்கு 16 வாரம் தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். மற்றவர்களுக்கு உடல்நலப் பாடம் மட்டும். பிறகு எல்லோருக்கும் இந்த வைரஸுக்கான தடுப்பூசி போட்டார். தாய்ச்சி செய்தவர்களுக்கு இந்த வைரஸுக்கு எதிரான செல்களின் வேலை, தடுப்பூசி போடுவதற்கு முன்பே கூடியிருந்தது. அவர் அளந்தது ரத்தத்தில் உள்ள செல்களைத்தான், யாருக்கு அக்கி வந்தது என்பதை இல்லை.

இரண்டரை மாதம் கழித்து அதே லேபில், காலையில், உட்கார்ந்து கொடுத்த ரத்தத்தில் மொத்த வெள்ளணு 7,200, லிம்ஃபோசைட் 31 சதவீதம், ஈசினோஃபில் 3. லிம்ஃபோசைட் கணக்கு 2,230-க்கு வந்துவிட்டது. அக்கி ஆறியதால் ஏறியதா, தூக்கத்தால் ஏறியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை என்றார் டாக்டர். எனக்கும் அது புரிந்தது. வலி மூன்று மாதம் தாண்டி நீடித்தால்தான் கவலை என்றிருந்தார், அதற்குள் அடங்கிவிட்டது.

இப்போது அக்கித் தடுப்பூசி போட்டுக்கொண்டு வருகிறேன். ஐம்பது வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கானது, இரண்டு ஊசி, இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். விலை நெஞ்சை அடைக்கிறது. ஜெர்மனியில் 2003-இல் மஞ்சள் காமாலை ஏ தடுப்பூசி போட்ட அன்று இரவு தூங்கியவர்களுக்கு, தூங்காமல் வைக்கப்பட்டவர்களைவிட நாலு வாரத்தில் எதிர்ப்பொருள் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்ததாம். என் தடுப்பூசியில் யாரும் அப்படிப் பார்த்ததாக நான் படிக்கவில்லை. இருந்தாலும் முதல் ஊசியைத் தம்பி இரவுப் பொறுப்பில் இருக்கும் வாரத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் காய்ச்சல், கையைத் தூக்க முடியாத வலி. இரண்டாவதுக்குத் தம்பி மனைவியிடம் தேதி கேட்டிருக்கிறேன்.