நன்றியுரைப் பக்கம்

பைண்டிங் கடை வரை போய், நன்றியுரைப் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சீனியர் ரிப்போர்ட்டில் இருந்த அதே வரிகள். யார் என்ன செய்தார்கள் என்று ஒரு சொல் இல்லை.

வைகைத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பதுதான் என் புராஜெக்ட். முதல் முடிவைப் பார்த்த கைடு மேடம், "சாக்கடை கலக்குற இடத்துல இவ்வளவு ஆக்சிஜனா? திரும்ப எடு" என்றார்.

தப்பைக் கண்டுபிடித்தவர் லேப் அண்ணன்.

"வாளியில மோந்து ஊத்துனியா? ஊத்தும்போதே காத்து கலந்துரும் தம்பி. பாட்டில ஆத்துக்குள்ள முக்கி, குமிழ் இல்லாம தண்ணிக்குள்ளயே மூடு. மருந்தை அங்கேயே கரையில வச்சே பாட்டிலுக்குள்ள விட்டுரு."

மறுநாள் விடியுமுன் அப்பா வண்டியில் கூட்டிப் போனார். கரையிலேயே பாட்டிலுக்குள் மாங்கனீஸ் சல்பேட் விட்டேன், அப்புறம் கார அயோடைடு. ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும், இல்லையென்றால் வெள்ளை.

அப்பா டார்ச் அடித்தார். பாட்டிலுக்குள் பால் மாதிரி வெள்ளையாக இறங்கியது.

"இதுல மீன் எப்படிப்பா இருக்கும்?" என்றார்.

புதுப் பக்கத்தில் மேடத்தின் அந்தக் கேள்வி இருக்கிறது. அண்ணன் சொன்னது இருக்கிறது. அப்பா பிடித்த டார்ச்சும் இருக்கிறது.

நாளைக்கு பைண்டிங்.