எஞ்சினை நிப்பாட்டிய பிறகுதான் டர்போ சுடுகிறது

எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று சிலிண்டருக்குள் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. போன வருடம் என் கெப்பின் டர்போவைக் கழற்றியபோது ஒயில் வரும் குழாயின் வாய் கரிக்கட்டியால் பாதி அடைபட்டிருந்தது. புகைப் பக்கச் சக்கரத்தையும் காற்றுப் பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் விரலுக்கே தட்டுப்பட்டது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, ஒயில் நிறைந்ததும் அது சரியாகிவிடும். நீளவாக்கில் ஆடினால் பெயரிங் போய்விட்டது என்று அர்த்தம். கல்முனைக் கராஜ் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "ஏறி வந்து உடனே நிப்பாட்டுறனீயா மனே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம், இரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

புது உள்பாகம் போட்ட கையோடு டேஷ்போர்டில் டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜும், டர்போவுக்கு முன்னால் புகையின் சூட்டைக் காட்டும் கேஜும் பூட்டினேன். பூஸ்ட் கேஜ் வந்த பிறகுதான் இந்த எஞ்சினின் குணம் பிடிபட்டது. 1,400 சுற்றில் மிதித்தால் முள் அசையாது. இரண்டு செக்கன் கறுப்புப் புகைதான் வரும், பிறகு ஒரே தள்ளு. அந்த இரண்டு செக்கன்தான் லேக். தள்ளுகிற புகை போதாமல் டர்போச் சக்கரம் இன்னும் வேகம் பிடிக்கவில்லை, டீசல் மட்டும் உள்ளே போய்விட்டது. 2,000 சுற்றைத் தாண்டினால் முள் 0.7 பாரில் நிற்கும். வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 1 பார் என்பதால், சிலிண்டருக்குள் ஒன்றே முக்கால் மடங்குக்குக் கிட்டக் காற்று திணிக்கப்படுகிறது. அதனால் ஏற்றத்தில் மிதித்துப் பயனில்லை, முதலே ஒரு கியர் இறக்கிவிட வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செங்கலடியிலிருந்து பதுளை போகிற வீதியில் பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறும்போது, ஒரு தொன் அரிசியோடு புகைச் சூடு 600 டிகிரிக்கு மேல் போனது. மேலே தேத்தண்ணிக் கடையில் ஓரம் கட்டி ஐடிலில் விட்டால் 20 செக்கனில் முள் 250க்கு இறங்கிவிடும். 'ஆறிட்டுது' என்று சாவியைத் திருப்பத் தோன்றும். நான் ஏமாந்த இடம் இதுதான். அந்த முள் காட்டுவது புகையின் சூடு. இரும்பின் சூடு அதில் தெரியாது.

அதனால் தூரத்திலிருந்து சூடு பார்க்கும் துவக்கு மாதிரியான அந்தத் தெர்மோமீட்டரை வாங்கினேன். மூன்று பயணம், அதே ஏற்றம், அதே பாரம். இரண்டு சக்கரத்தையும் மூடியிருக்கும் நத்தை ஓடுகளுக்கு நடுவில், பெயரிங் இருக்கும் உடலில் ஒரே புள்ளியைக் குறிவைத்தேன். அந்த இடத்தில் இரும்பு துருப்பிடித்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும்.

முதல் தடவை, வந்த உடனே நிப்பாட்டினேன். 138 டிகிரி. இனி இறங்கத்தானே வேண்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றால், ஏறுகிறது! ஆறாவது நிமிடத்தில் 214. அடுத்த பயணத்தில் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிப்பாட்டினேன், உச்சம் 165. மூன்றாவதில் மூன்று நிமிடம் விட்டேன், 138ஐத் தாண்டவில்லை. பிறகொரு தடவை ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை, டீசல்தான் வீண்.

ஏறுவதற்குக் காரணம் லேசானது. எஞ்சின் ஓடும்வரை ஓடுகிற ஒயில்தான் நடுப்பகுதியின் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. சாவியைத் திருப்பியதும் ஒயில் பம்ப் நின்றுவிடும். புகைப் பக்கத்து இரும்புச் சூடு தண்டு வழியாகவும் உடல் வழியாகவும் பெயரிங்குக்கு வரும். அங்கே தேங்கி நிற்கிற ஒயில் வெந்து கரியாகும். நான் அளந்தது வெளி உடல், உள்ளே தண்டின் அடி இதைவிடச் சூடாக இருக்கும். நிப்பாட்டுமுன் ஒரு தடவை 'வ்ரூம்' என்று முறுக்கிவிடும் பழக்கம் இதைவிட மோசம். லட்சம் சுற்றைத் தொடக்கூடிய தண்டு ஒயில் இல்லாமல் சுழன்று நிற்க வேண்டி வரும்.

மட்டக்களப்பு–கல்முனை வீதியில் காலியாக 50இல் வருகிறவர் இதற்கெல்லாம் நின்று மெனக்கெடத் தேவையில்லை. ஒழுங்கைக்குள் மெதுவாக உருட்டி வருவதிலேயே ஆறிவிடும். என் டர்போவுக்கு ஒயில் மட்டும்தான். தண்ணீரும் சுற்றும் வகை என்றால் நிப்பாட்டிய பிறகும் தண்ணீர் சூட்டில் தானாக மேலெழுந்து கொஞ்சம் காப்பாற்றும்.

டர்போ டைமர் போடச் சொல்லி மச்சான் நச்சரிக்கிறான். சாவியை எடுத்த பிறகும் ஓடுகிற வண்டியை ஏற்றத்தில் விட்டுப் போக எனக்கு மனமில்லை. அதற்குப் பதில், கொழும்பு பஞ்சிகாவத்தையில் தண்ணீர் வழி உள்ள உள்பாகம் தேடலாம் என்றிருக்கிறேன். அதற்கு முதல் ஒயில் குழாய் மூட்டில் இன்னும் கசிகிறது. பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டது என் பிழை. ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டும்.