அண்ணனின் மெயிலுக்கு வந்த பெண்கள்

அண்ணி மதுரையில் வீட்டிலிருந்தே ஆரி ஒர்க் பிளவுஸ் செய்து தருகிறார். இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் போதும், கீழே "பிரைஸ் ப்ளீஸ்" என்று வரிசை கட்டும். இவரும் சளைக்காமல் கேப்ஷனில் வாட்ஸ்அப் லிங்கை ஒட்டுவார். அங்கே ஒட்டினால் வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தட்டினால் திறக்காது என்றேன். "அப்போ நீயே ஏதாவது பண்ணு" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

பயோவில் ஐந்து லிங்க் வரை போடலாம். ஆனால் முதல் லிங்க்தான் கண்ணில் படும், மற்றவை அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் கூகுள் சைட்ஸில் இலவசமாக ஒரு பக்கம் செய்து, கேட்லாக், புக்கிங், தொடர்பு என்று மூன்று பட்டன் வைத்து, அந்த ஒரு லிங்கை மட்டும் பயோவில் போட்டேன்.

கேட்லாக் பிடிஎஃப்பை அண்ணன் தன் டிரைவில் ஏற்றித் தந்திருந்தார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் போன் டிங் டிங் என்றது. எட்டிப் பார்த்த அண்ணி, "யாருங்க இந்த பிரியா? உங்ககிட்ட என்ன அனுமதி கேக்குறா?" என்றார். பிரியாவுக்குப் பின்னால் இன்னும் சிலர் வரிசையில் இருந்தார்கள். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான்: ஃபைல் `Restricted` என்று இருந்தது. கேட்லாக்கைத் திறக்க வந்தவர்களிடம் கூகுள் "அனுமதி கேள்" என்று சொல்ல, அந்த மெயிலெல்லாம் ஃபைலின் சொந்தக்காரருக்குப் போனது. எங்கள் போனில் அண்ணன் கணக்கே இருந்ததால் எங்களுக்கு மட்டும் அழகாகத் திறந்தது. `Anyone with the link` என்று மாற்றி, லாகின் இல்லாத இன்காக்னிட்டோவில் திறந்து பார்த்த பிறகுதான் வீட்டில் அமைதி.

அடுத்து புக்கிங் ஃபார்ம். மாடல் படத்தை அதிலேயே ஏற்றச் சொல்லலாம் என்று அண்ணி ஆசைப்பட்டார். படம் ஏற்றும் கேள்வி வைத்தாலே கூகுள் லாகின் கேட்கும். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில் அந்த லாகின் பெரும்பாலும் முரண்டு பிடிக்கும், வந்தவர் அப்படியே போய்விடுவார். அதனால் பெயர், நம்பர், முகூர்த்தத் தேதி மட்டும் கேட்டோம். படம் வாட்ஸ்அப்பில் வரட்டும்.

வாட்ஸ்அப் பட்டனுக்கு அண்ணி தந்த நம்பர் பூஜ்யத்தில் ஆரம்பித்தது. அது வேலைக்கு ஆகாது. பிளஸ், பூஜ்யம், இடைவெளி எதுவும் இல்லாமல் 91-க்குப் பின் பத்து இலக்கம் வர வேண்டும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Aari%20blouse%20enquiry
```

`text=` பகுதி இருப்பதால் தட்டுகிறவருக்குச் செய்தி தயாராக வந்து நிற்கும். வெறும் "ஹாய்" போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் குறைந்தார்கள்.

முதல் புக்கிங் அன்று மாலையே வந்தது. முகூர்த்தத் தேதி: அடுத்த நாள். பெயர்: "உன் மாமியார்". அடுத்த ரூமில் உட்கார்ந்து அம்மாதான் நிரப்பியிருக்கிறார். நம்பர் கட்டத்தில் "கூப்பிட்டா வருவேன்" என்று போட்டிருந்தார்.