மீதியை 3,40,000 என்று எழுதியதால் திரும்பி வந்த பயன்பாட்டு அறிக்கை

எங்கள் தொண்டு நிறுவனத்தின் நிதிப் பயன்பாட்டு அறிக்கை இரண்டு முறை திரும்பி வந்து, மூன்றாவது முறைதான் ஏற்கப்பட்டது. வவுச்சர்களைத் தலைப்புவாரியாகப் பிரித்ததிலும் கூட்டிப் பார்த்ததிலும் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் முழுவதும் கடைசிப் பத்தியான 'மீதி'யில்தான் இருந்தது.

நிதி வழங்குநர் ஒப்பளித்த மொத்தத் தொகை 12,00,000. அதில் இரண்டு தவணைகளாக 9,00,000 வந்திருந்தது. மூன்றாவது தவணை அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே வரும். ஊதியம், பயிற்சி, பயணம், உபகரணம், நிர்வாகம் ஆகிய ஐந்து தலைப்புகளிலும் சேர்த்து 8,60,000 செலவு காட்டினேன். ஒப்பளிப்பிலிருந்து செலவைக் கழித்து மீதி 3,40,000 என்று எழுதி, தணிக்கையாளரிடம் கையொப்பமும் வாங்கி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, 'இருப்பு பொருந்தவில்லை' என்ற ஒற்றை வரியுடன் அது திரும்பியது. எந்த இருப்பு எதனுடன் பொருந்தவில்லை என்று கேட்க நேரில் சென்றேன். நிதி வழங்குநரின் அலுவலர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "வங்கிக் கணக்கைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு நாள் முழுவதும் அதிலேயே போயிற்று.

ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஒப்பளிப்பில் எஞ்சியிருப்பது இன்னும் எவ்வளவு செலவு செய்ய அனுமதி உண்டு என்பதை மட்டுமே காட்டும். கையில் இருக்கும் பணத்தை அறிய, பெற்ற தொகையிலிருந்துதான் செலவைக் கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மீதி 40,000 மட்டுமே. திட்டக் கணக்கில் சேர்ந்த வட்டி 11,400-ஐயும் நான் விட்டிருந்தேன். நிதி ஒப்பந்தத்தின்படி அதுவும் திட்டப் பணமே. இவை இரண்டும் சேர்ந்தால் 51,400. வங்கி அறிக்கையோ 63,400 காட்டியது. 12,000-க்குக் கொடுத்த ஒரு காசோலை இன்னும் பணமாக்கப்படாததே அந்த வேறுபாட்டுக்குக் காரணம். அதை வங்கிச் சரிக்கட்டும் பட்டியலாக எழுதி இணைத்து, தணிக்கையாளரிடம் மறுபடியும் கையொப்பம் வாங்கி அனுப்பினேன். இம்முறை பெற்றது, செலவிட்டது, மீதி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் இருந்தன.

அதுவும் திரும்பியது. இம்முறை கேள்விகள் தெளிவாக இருந்தன என்பதே ஆறுதல்.

முதல் கேள்வி பயிற்சித் தலைப்பைப் பற்றியது. அதில் காட்டிய 2,14,000-இல் 30,000 என்பது அடுத்த காலாண்டுப் பயிற்சி அரங்குக்குக் கொடுத்த முன்பணம். பணம் கையை விட்டுப் போய்விட்டது என்பதால் அதைச் செலவென்றே எழுதியிருந்தேன். பயிற்சி நடந்து பில் வரும்வரை அது செலவாகாது, கணக்குக் காட்டப்படாத முன்பணம் மட்டுமே. அதை நீக்கியதும் பயிற்சிச் செலவு 1,84,000 ஆயிற்று. உங்கள் பேரேட்டில் முன்பணங்களுக்குத் தனிக் கணக்குத் தலைப்பு இல்லையென்றால் இதே பிழை உங்களுக்கும் நேரும். செலவு வவுச்சரில் பில்லுக்குப் பதிலாக வெறும் பற்றுச்சீட்டு இருந்தால், அங்கே ஒரு முன்பணம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்விதான் எங்களுக்கு வலித்தது. பயணத்துக்கு ஒப்பளித்தது 1,20,000, செலவானது 1,38,000. ஒரு தலைப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடினால் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும் என்று எங்கள் ஒப்பளிப்புக் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. எனவே 1,32,000 வரைதான் ஏற்பார்கள். பயிற்சித் தலைப்பில் தாராளமாக எஞ்சியிருக்கிறதே என்று வாதாடினேன். செலவு செய்த பிறகு கேட்கும் அனுமதி முன் அனுமதி ஆகாது என்று மறுத்துவிட்டார்கள். விதியின்படி அவர்கள் சொன்னது சரியே. எஞ்சிய 6,000-ஐ எங்கள் பொதுநிதி ஏற்றது.

இறுதி அறிக்கையில் செலவு 8,24,000, வட்டியுடன் சேர்த்து மீதி 87,400 என்று வந்தது. அந்த மீதி எங்கே இருக்கிறது என்பதையும் கீழே பிரித்து எழுதினேன்: காசோலையைக் கழித்த வங்கி இருப்பு 51,400, முன்பணம் 30,000, பொதுநிதியிலிருந்து வர வேண்டியது 6,000. முதலிலேயே இந்த மூன்று வரிகளை எழுத முயன்றிருந்தால், முன்பணமும் வட்டியும் என் கண்ணில் தாமாகவே பட்டிருக்கும். இப்போது ஒவ்வொரு மாத முடிவிலும் இதைப் போட்டுப் பார்க்கிறேன். எந்தத் தலைப்பாவது ஒப்பளிப்பில் எண்பது விழுக்காட்டைத் தொட்டால், அன்றே அனுமதிக் கடிதம் எழுதிவிடுகிறேன்.

அறிக்கை ஏற்கப்பட்டுப் பதினொரு நாள் கழித்து மூன்றாம் தவணை வந்தது. அதற்குள் எங்கள் களப்பணியாளர்கள் இருவருக்கு ஒரு மாத ஊதியம் தாமதமாகியிருந்தது. பணம் வந்த அன்று மாலையே முதல் வேலையாக அதைக் கொடுத்துவிட்டோம்.